வெப்ப நியூட்ரான் அலைநீளம்: ஒரே கணக்குக்கு மூணு விடை வருது, எது சரி?

தண்டையார்பேட்டை_மாணவி:

வணக்கம். எம்.எஸ்சி இயற்பியல் முதல் வருஷம் படிக்கிறேன். நாங்க நாலு பேர் சேர்ந்து திடநிலை இயற்பியல் கணக்கு போட்டுப் பழகுறோம். அதுல ஒரு கேள்வியில மாட்டிக்கிட்டோம்.

"20 டிகிரி செல்சியஸில் உள்ள தணிப்பானுடன் வெப்பச் சமநிலையில் இருக்கும் நியூட்ரானின் அலைநீளம் என்ன? அது படிகத்தில் எக்ஸ் கதிரைப் போல விளிம்பு விளைவு தருமா?"

எங்க நாலு பேருக்குள்ள மூணு விடை. ரெண்டு பேருக்கு 1.80 ஆங்ஸ்ட்ராம். ஒருத்தருக்கு 1.47 ஆங்ஸ்ட்ராம். இன்னொரு தோழிக்கு 49 மைக்ரோமீட்டர். அவ சொல்றது: "போன வாரம் எக்ஸ் கதிருக்கு E = hc/λ போட்டோம், சரியா வந்துச்சு. இதுக்கும் ஆற்றல் தெரியும், 0.025 எலக்ட்ரான் வோல்ட். அதையே போட்டா 49 மைக்ரோமீட்டர்தான் வருது." வகுத்துப் பார்த்தோம், எண் சரிதான். அப்போ தப்பு எங்க இருக்கு? 1.80, 1.47 இதுல எதை எழுதணும்?

வியாசர்பாடி_பாலா:

49 மைக்ரோமீட்டரை விட்டுடுங்க. நியூட்ரானுக்கு நிறை இருக்கு, hc/λ ஒளிக்குத்தான். 1.47தான் சரியான விடை. வெப்பச் சமநிலைன்னா இயக்க ஆற்றல் 3/2 kT. பிளஸ் டூ வாயு இயக்கக் கொள்கையிலேயே இது வந்தாச்சு. kT போட்டவங்க ஒன்றரையை விட்டுட்டாங்க.

ரெண்டாவது கேள்விக்கும் பதில் சுலபம். நியூட்ரானுக்கு மின்னூட்டம் இல்லை, அளவுலயும் ரொம்பச் சின்னது. அதனால அணுக்களுக்கு நடுவுல தடையில்லாம நுழைஞ்சு போய் விளிம்பு விளைவு காட்டுது.

பெரம்பூர்_விஜயா:

தம்பி பாலா, மின்னூட்டம் இல்லாததால் பொருளுக்குள் ஆழமாகப் போகிறது என்பது உண்மை. ஆனால் விளிம்பு விளைவுக்குக் காரணம் அதுவல்ல. உலைக்குள் பிளவில் பிறக்கும் 2 மெகா எலக்ட்ரான் வோல்ட் நியூட்ரானுக்கும் மின்னூட்டம் இல்லை, அதுவும் அதே நியூட்ரான்தான். அதைப் படிகத்தின் மேல் விட்டுப் பாருங்கள், அளக்கக்கூடிய எந்தக் கோணத்திலும் முகடு கிடைக்காது. ஏன் என்பதற்குக் கடைசியில் வருகிறேன்.

நான் ட்ராம்பேயில் துருவா உலைப் பக்கம் பவுடர் டிஃப்ராக்டோமீட்டரில் வேலை பார்த்தவள், இப்போது ஓய்வு. இந்தக் கணக்கில் எல்லாருக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: ஆற்றலில் இருந்து அலைநீளத்துக்கு நேராகத் தாவாதீர்கள். நடுவில் உந்தத்தைக் கண்டுபிடியுங்கள். டி பிராய் 1924-ல் சொன்ன λ = h/p ஒளிக்கும் நியூட்ரானுக்கும் பொது. ஆற்றலுக்கும் உந்தத்துக்கும் உள்ள உறவுதான் இரண்டுக்கும் வேறு. ஒளிக்கு E = pc. மெதுவாகப் போகும் நியூட்ரானுக்கு E = p²/2m. உங்கள் தோழி பிளாங்க் மாறிலியிலோ அலகிலோ தவறவில்லை. E = pc என்பது அந்தச் சூத்திரத்துக்குள் ஒளிந்திருப்பதைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

20 டிகிரி என்றால் 293 கெல்வின். முதலில் E = kT என்றே வைத்துப் போடுகிறேன்.

```
kT = 1.381e-23 × 293 = 4.046e-21 J = 0.02525 eV
p  = √(2 × 1.675e-27 × 4.046e-21) = 3.682e-24 kg·m/s
v  = p / m = 2198 m/s
λ  = h / p = 6.626e-34 / 3.682e-24 = 1.80e-10 m
```

1.80 ஆங்ஸ்ட்ராம். வேகம் விநாடிக்குக் கிட்டத்தட்ட 2200 மீட்டர். அட்டவணைகளில் நியூட்ரான் உட்கவர் குறுக்குவெட்டை எல்லாம் இந்த 2200-க்குத்தான் கொடுத்திருப்பார்கள். அதனால் இந்த எண் வந்தால் கணக்கு பாதையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். அவசரத்துக்கு ஒரு குறுக்கு வழி: ஆற்றலை மில்லி எலக்ட்ரான் வோல்ட்டில் எழுதி, அதன் வர்க்கமூலத்தால் 9.045-ஐ வகுத்தால் ஆங்ஸ்ட்ராமில் விடை வந்துவிடும்.

இப்போது அதே உந்தம் உள்ள ஓர் ஒளித்துகளை எடுங்கள். pc போட்டால் 1.104e-15 ஜூல், அதாவது சுமார் 6,900 எலக்ட்ரான் வோல்ட். அது எக்ஸ் கதிர். ஆய்வகத்தில் நீங்கள் பயன்படுத்தும் தாமிர கே-ஆல்ஃபா 8,000 எலக்ட்ரான் வோல்ட்டுக்குச் சற்று மேல், அலைநீளம் 1.54 ஆங்ஸ்ட்ராம். ஆக ஆற்றலில் இரண்டும் லட்சக்கணக்கான மடங்கு தள்ளி நின்றாலும் உந்தத்தில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. படிகத்துக்குத் தெரிவது உந்தம் மட்டும்தான். தளங்களுக்கு இடையே உள்ள தூரம் 2, 3 ஆங்ஸ்ட்ராம். வரும் அலையின் நீளமும் அதே அளவில் இருந்தால் பிராக் விதிப்படி வசதியான கோணத்தில் முகடு விழும்.

வேக நியூட்ரான் விஷயம் இதுதான். 2 மெகா எலக்ட்ரான் வோல்ட்டுக்கு அலைநீளம் 0.0002 ஆங்ஸ்ட்ராம். 3.15 ஆங்ஸ்ட்ராம் தள இடைவெளிக்கு பிராக் கோணம் போட்டால் ஒரு டிகிரியில் ஆயிரத்தில் இரண்டு பங்குகூட இல்லை. முகடு நேராக வரும் கற்றைக்குள்ளேயே புதைந்துவிடும்.

மணலி_ரேடியோகிராபர்:

வணக்கம்மா. நான் மணலி, எண்ணூர் பக்கம் பைப்லைன் வெல்டிங் ஜாயின்ட்டுக்கு ரேடியோகிராபி எடுக்கறவன். எங்க கேமராவுல இரிடியம் 192. எக்ஸ்ரே மாதிரிதான் நியூட்ரானும்னா, ஜாயின்ட்டுல கிராக் பாக்கறதுக்கு நியூட்ரான் எடுத்தா இன்னும் நல்லா தெரியுமா? படம் எந்த ஃபிலிம்ல விழும்?

இன்னொண்ணு. ஷட்டவுன் நேரத்துல இன்சுலேஷனுக்கு உள்ள தண்ணி நிக்குதான்னு பாக்க ஒரு கேஜ் கொண்டு வருவாங்க. அமெரிசியம் பெரிலியம் சோர்ஸ், நியூட்ரான் வரும்னு சொல்வாங்க. அத வச்சு இந்தப் பொண்ணு கேக்கற டிஃப்ராக்ஷன் எடுக்க முடியுமா?

பெரம்பூர்_விஜயா:

தம்பி, முதலில் கேட்டது வேறு விஷயம். நீங்கள் எடுப்பது நிழல் படம். கற்றை எங்கே எவ்வளவு குறைந்தது என்பதுதான் அதில் பதிகிறது. அலைநீளம் அங்கே பெரிதாகப் பேசாது. நியூட்ரானிலும் நிழல் படம் எடுக்கிறார்கள். கல்பாக்கத்தில் யுரேனியம் 233 எரிபொருளில் ஓடும் 30 கிலோவாட் காமினி உலையில் அந்த வேலை நடக்கிறது. ஆனால் கனமான இரும்புக்குப் பின்னால் இருக்கும் எண்ணெய், ரப்பர், தண்ணீர் போன்ற ஹைட்ரஜன் உள்ள பொருள்தான் அதில் பளிச்சென்று தெரியும். வெல்டிங் விரிசலுக்கு உங்கள் இரிடியமே பொருத்தம்.

இரண்டாவது கேள்வி நல்ல கேள்வி. அந்த கேஜில் இருந்து கிளம்புவது பல மெகா எலக்ட்ரான் வோல்ட் உள்ள வேக நியூட்ரான். தண்ணீரில் உள்ள ஹைட்ரஜன் அணுக்கருவும் நியூட்ரானும் கிட்டத்தட்ட ஒரே நிறை. அதனால் மோதல் ஒவ்வொன்றிலும் நிறைய ஆற்றல் போய்விடும். சராசரியாகப் பதினெட்டு, இருபது மோதலில் வெப்ப நியூட்ரான் ஆகிவிடும். அப்படி மெதுவாகித் திரும்பி வருபவற்றைத்தான் கேஜ் எண்ணுகிறது. இன்சுலேஷனில் தண்ணீர் இருந்தால் எண்ணிக்கை ஏறுவது அதனால்தான். ஆக, திரும்பி வரும் நியூட்ரானின் அலைநீளம் ஆங்ஸ்ட்ராம் கணக்குக்கு வந்துவிடுகிறது. குறை எண்ணிக்கையிலும் திசையிலும். நாலாபக்கமும் சிதறி வருவதில் ஒரு மெல்லிய இணைக்கற்றையைத் துளை வழியாக எடுத்தால் கையில் மிஞ்சுவது மிகச் சொற்பம்.

ஆனாலும் முதன்முதலில் செய்து காட்டியவர்களுக்கு உலை கிடையாது. 1932-ல் சாட்விக் நியூட்ரானைக் கண்டுபிடித்தார். 1936-லேயே ஹால்பனும் பிரைஸ்வெர்க்கும் ஒரு பக்கம், மிட்செலும் பவர்ஸும் இன்னொரு பக்கம், ரேடியம் பெரிலியம் மூலத்தையும் பாரஃபின் மெழுகையும் வைத்து விளிம்பு விளைவு இருக்கிறது என்று காட்டினார்கள். இருக்கிறதா இல்லையா என்று சொல்ல அது போதும். படிக அமைப்பை அளக்க உலை வேண்டியிருந்தது. ஓக் ரிட்ஜில் வோலனும் ஷல்லும் உலைக் கற்றையை வைத்து அதைச் செய்தார்கள். ஷல்லுக்கு 1994-ல் நோபல் கிடைத்தது. அதற்குள் வோலன் இறந்துவிட்டார்.

வியாசர்பாடி_பாலா:

மேடம், வேக நியூட்ரான் உதாரணம் ஏத்துக்கறேன், அளவு சின்னதுங்கற காரணம் நிக்காது. ஆனா 1.47-ஐ விடமாட்டேன். சராசரி ஆற்றல் 3/2 kT, அதாவது 37.9 மில்லி எலக்ட்ரான் வோல்ட். 9.045-ஐ அதோட வர்க்கமூலத்தால வகுத்தா 1.47. கேள்வியில வெப்பச் சமநிலைன்னு தெளிவா போட்டிருக்கு. kT எடுக்க என்ன நியாயம்?

பெரம்பூர்_விஜயா:

நியாயம் இரண்டு பக்கமும் இருக்கிறது. தணிப்பானுக்குள் இருக்கும் நியூட்ரான்களுக்கு ஒரே வேகம் கிடையாது, மாக்ஸ்வெல் பரவல். அதில் அதிகம் பேர் வைத்திருக்கும் வேகத்தை எடுத்தால் அதன் ஆற்றல் kT, அலைநீளம் 1.80. சராசரி ஆற்றலை எடுத்தால் 3/2 kT, 1.47. இரண்டும் ஒரே கூட்டத்தைப் பற்றிய வெவ்வேறு கேள்விக்குப் பதில்.

இன்னும் ஒன்று. சுவரில் துளை போட்டு வெளியே எடுக்கும் கற்றையில் வேகமாகப் போகிறவை அதிக எண்ணிக்கையில் வெளியே வரும். அந்தக் கற்றையின் சராசரி ஆற்றல் 2 kT, அதற்கு அலைநீளம் 1.27. ஒவ்வோர் அலைநீளத்துக்கும் எத்தனை நியூட்ரான் என்று வரைந்தால் முகடு இன்னும் கீழே, 1.14 பக்கம் வரும். அந்த வரைபடத்தைத்தான் நாங்கள் நடைமுறையில் பார்ப்போம். கருவியில் 1.2 ஆங்ஸ்ட்ராம் பக்கம் தேர்ந்தெடுக்கும் வழக்கம் அதனால்தான்.

1.14-ல் இருந்து 1.80 வரை எதை எடுத்தாலும் படிகத் தள இடைவெளியின் அளவுதான். கேள்வியின் இரண்டாம் பாதிக்குப் பதில் மாறப்போவதில்லை. விடைத்தாளில் E எதற்குச் சமம் என்று எடுத்தீர்கள் என்பதை ஒரு வரியில் எழுதிவிடுங்கள்.

வியாசர்பாடி_பாலா:

மாணவி, உங்க பாடத்தில நியூட்ரான் ஆற்றலுக்கு எந்தச் சூத்திரம் கொடுத்திருக்காங்கன்னு பாருங்க. நான் படிச்சப்போ 3/2 போடலைன்னா மதிப்பெண் குறைச்சாங்க. மேடம் சொல்ற இயற்பியல் சரி, திருத்தறவங்க அப்படிப் பார்ப்பாங்களாங்கறதுல எனக்கு இன்னும் சந்தேகம்தான்.

காசிமேடு_அலை:

நடுவுல ஒரு சந்தேகம். ரெண்டு அலை சேர்ந்தாத்தானே குறுக்கீடு வரும்? கற்றையில நியூட்ரான் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து அலை ஆகுதா?

பெரம்பூர்_விஜயா:

ஒன்றோடொன்று சேர்வதில்லை. ஒரு கணக்கு போட்டால் புரியும். ஒரு சதுர செ.மீ. வழியாக விநாடிக்குப் பத்து லட்சம் நியூட்ரான் போகும் கற்றை என்று வைத்துக்கொள்ளுங்கள். வேகம் விநாடிக்கு 2,20,000 செ.மீ. வகுத்தால் ஒரு கன செ.மீ. இடத்தில் எந்த நேரத்திலும் நாலைந்து நியூட்ரான்தான். மணல்துகள் அளவு படிகத்துக்குள் பெரும்பாலான நேரம் ஒன்றுகூட இருக்காது. ஆகவே ஒவ்வொரு நியூட்ரானும் தனியாகத்தான் வருகிறது. அதன் அலை படிகத்தில் உள்ள ஏராளமான அணுக்கருக்களில் ஒரே நேரத்தில் பட்டுச் சிதறுகிறது. அந்தச் சிதறல்கள் தமக்குள் கூடினால் அந்தத் திசையில் நியூட்ரான் போக வாய்ப்பு அதிகம், கழிந்தால் இல்லை. கருவியில் அது ஒரே ஒரு எண்ணிக்கையாகத்தான் விழும். பல லட்சம் விழுந்த பிறகு முகடு வடிவம் தெரியும்.

தண்டையார்பேட்டை_மாணவி:

மேடம், உந்தத்தை நடுவுல வைக்கச் சொன்னது ரொம்ப உதவியா இருந்துச்சு. தோழிகிட்ட காட்டினேன், அவளே pc-ல இருந்து p²/2m-க்கு மாத்திப் போட்டுட்டா. ஆனா இப்போ எனக்கு வேற கேள்வி. அலைநீளம் ஒண்ணு, பிராக் விதி ஒண்ணு, கோணமும் ஒரே மாதிரின்னா எக்ஸ் கதிர் இருக்கும்போது உலை வரைக்கும் எதுக்குப் போகணும்? ரெண்டு படமும் அச்சு அசலா ஒண்ணா இருக்குமா?

பெரம்பூர்_விஜயா:

முகடு எங்கே விழும் என்பது ஒன்று. எவ்வளவு உயரம் என்பது முற்றிலும் வேறு. எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் பொட்டாசியம் குளோரைடு. உர மூட்டையில் பொட்டாஷ் என்று வருகிறதே, அந்த உப்பு.

கனசதுர அமைப்பு, பக்கம் 6.293 ஆங்ஸ்ட்ராம். 200 தள இடைவெளி அதில் பாதி, 3.147. 111 தள இடைவெளி 6.293-ஐ √3-ஆல் வகுத்தால் 3.633. நம் 1.80 ஆங்ஸ்ட்ராம் நியூட்ரானைப் போடுங்கள்.

```
111:  sinθ = 1.80 / (2 × 3.633) = 0.2477   →  2θ = 28.7°
200:  sinθ = 1.80 / (2 × 3.147) = 0.2860   →  2θ = 33.2°
```

இதே 1.80 அலைநீளத்தில் எக்ஸ் கதிர் விட்டாலும் இதே கோணங்கள்தான். ஆனால் எக்ஸ் கதிர் படத்தில் 28.7 டிகிரியில் ஏறக்குறைய ஒன்றுமே இருக்காது. காரணம், எக்ஸ் கதிரைச் சிதறடிப்பது எலக்ட்ரான். பொட்டாசியம் அயனியில் 18 எலக்ட்ரான், குளோரைடு அயனியிலும் 18. 111 முகட்டில் இரண்டு அயனியின் அலைகளும் எதிரெதிராக வந்து கழிகின்றன. 18-ல் 18 போனால் மிச்சம் என்ன? இரண்டின் எலக்ட்ரான் மேகமும் விரிவில் கொஞ்சம் வித்தியாசப்படுவதால் ஒரு சின்னச் சாயல் மட்டும் மிஞ்சும். இதனால்தான் 1913-ல் பிராக் பார்த்தபோது இந்த உப்பு பாதிப் பக்கமுள்ள எளிய கனசதுரம் போலத் தோற்றமளித்தது.

நியூட்ரானைச் சிதறடிப்பது அணுக்கரு. அதன் வலிமை எலக்ட்ரான் எண்ணிக்கையைச் சார்ந்ததில்லை. சிதறல் நீளம் பொட்டாசியத்துக்கு 3.67 ஃபெம்டோமீட்டர், குளோரினுக்கு 9.58. 111-ல் கழித்தால் 5.91 மிஞ்சுகிறது. 200-ல் கூட்டினால் 13.25. செறிவு இவற்றின் வர்க்கத்தைப் பொறுத்தது. சமமான தளங்கள் எத்தனை என்பதையும் (111-க்கு 8, 200-க்கு 6) கோணத் திருத்தத்தையும் சேர்த்தால், 111-ன் உயரம் 200-ல் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் வரும். அணு அதிர்வைக் கணக்கில் சேர்க்கவில்லை. சேர்த்தாலும் படம் பெரிதாக மாறாது. ஒரு படத்தில் இல்லாத முகடு மற்றொன்றில் தெளிவாக நிற்கிறது.

இன்னொரு வித்தியாசமும் இருக்கிறது. எலக்ட்ரான் மேகத்தின் விரிவு எக்ஸ் கதிர் அலைநீளத்தின் அளவிலேயே இருப்பதால், கோணம் கூடக்கூட மேகத்தின் ஒரு பக்கச் சிதறலும் மறுபக்கச் சிதறலும் தங்களுக்குள் கழிந்து வலிமை குறையும். அணுக்கரு 1.80 ஆங்ஸ்ட்ராமுக்கு முன் ஒரு புள்ளி. அதனால் பெரிய கோணத்திலும் அதன் சிதறல் வலிமை அப்படியே இருக்கும்.

எண்ணூர்_கார்த்தி:

மேடம், இதே உப்பு சம்பந்தமா என்கிட்ட ஒரு வரைபடம் இருக்கு. பயிற்சிக்குக் கொடுத்த பவுடர் நியூட்ரான் தரவு, அலைநீளம் 1.80-ன்னு போட்டிருக்கு. நீங்க சொன்ன 28.7, 33.2 ரெண்டும் இருக்கு. அதுக்கு முன்னாடி 16.4 டிகிரியில ஒரு சின்ன முகடு. பிராக் விதி போட்டா d = 6.3 வருது, அதாவது 100. இந்த அமைப்புல 100 வரக்கூடாதே? எங்க குழுவுல ஒருத்தர், "நியூட்ரான்ல புதுசா தெரியற அமைப்பு இது, எக்ஸ் கதிருக்குத் தெரியல"ன்னு சொல்றார்.

பெரம்பூர்_விஜயா:

அந்த முடிவுக்கு அவசரமாகப் போகவேண்டாம். உலையில் இருந்து வருவது பல அலைநீளம் கலந்த கற்றை. அதில் 1.80-ஐ மட்டும் பிரித்தெடுக்க ஒரு ஒற்றைப் படிகத்தை வைக்கிறோம். அது தாமிரத்தின் 111 தளம் என்றால் இடைவெளி 2.087, கற்றையை 51.1 டிகிரி திருப்பினால் 1.80 கிடைக்கும். ஆனால் அதே கோணத்தில் 222 தளம் 0.90 ஆங்ஸ்ட்ராமையும் அனுப்பிவிடும். அதன் ஆற்றல் நான்கு மடங்கு, சுமார் 101 மில்லி எலக்ட்ரான் வோல்ட். மாக்ஸ்வெல் பரவலில் அப்படிப்பட்டவையும் கணிசமாக உண்டு.

0.90-க்கு 200 தளத்தின் கோணத்தைப் போட்டுப் பாருங்கள்: sinθ = 0.143, 2θ = 16.4. உங்கள் முகடு நின்ற அதே இடம்.

ஆனால் ஒரு முகடு பொருந்தியதால் மட்டும் நம்பிவிடக்கூடாது. 0.90 அங்கே இருந்தால் 220 தளமும் காட்டவேண்டும், 23.3 டிகிரியில், 16.4-ல் இருப்பதற்குக் கிட்டத்தட்டச் சமமான அளவில். 14.2-ல் 111 அதில் மூன்றில் ஒரு பங்கு. இவை இருக்கிறதா பாருங்கள். கருவி பக்கத்தில் இருந்தால் கற்றையில் பைரோலிட்டிக் கிராஃபைட் வடிகட்டி வைத்துப் பார்ப்போம். அதன் தடிமனும் திசையும் அலைநீளத்துக்குப் பொருந்தவேண்டும். பொருந்தினால் பாதி அலை விழுந்துவிடும். இல்லையென்றால் ஜெர்மானியம் 111 படிகத்தைப் போடலாம், அதில் 222 எதிரொளிப்பு இல்லை என்றே சொல்லலாம். அப்படிச் செய்த பிறகும் 16.4 அப்படியே நின்றால் உங்கள் நண்பர் சொல்வதை யோசிக்கலாம்.

எண்ணூர்_கார்த்தி:

பார்த்தேன் மேடம். 23.3-ல முகடு இருக்கு, 16.4 அளவுக்கே. நண்பர் அதை 110-ன்னு பென்சில்ல குறிச்சு வச்சிருந்தார். 14.2-லதான் பிரச்சனை. அங்க பின்னணி எண்ணிக்கை ரொம்ப ஏறி இறங்குது, நேர்க்கற்றையோட வால் மாதிரி தெரியுது. முகடு இருக்குன்னும் சொல்ல முடியல, இல்லைன்னும் சொல்ல முடியல. எந்தப் படிகத்தால அலைநீளத்தைப் பிரிச்சாங்கன்னு தரவோட குறிப்புல எழுதலை. கொடுத்தவர்கிட்ட கேட்டிருக்கேன்.

மணலி_ரேடியோகிராபர்:

அம்மா, அந்தப் பாரஃபின் விஷயம் இன்னைக்கு எங்க டீம்ல சொன்னேன். கேஜ்ல எண்ணிக்கை ஏன் ஏறுதுன்னு இப்பத்தான் எங்களுக்குப் புரியுது. ஒரு சந்தேகம்: வெயில் காலத்துல பைப் மேல 60 டிகிரிக்குப் போகும். தண்ணி சூடா இருந்தா நியூட்ரானோட அலைநீளமும் மாறுமா?

பெரம்பூர்_விஜயா:

மாறும் தம்பி. 60 டிகிரி என்றால் 333 கெல்வின். அலைநீளம் வெப்பநிலையின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதம், 1.80 குறைந்து 1.69 ஆகும். உங்கள் கேஜில் இருப்பது ஹீலியம் 3 குழாய் என்றால், வேகம் கூடக்கூட அது பிடிக்கும் அளவு சற்றுக் குறையும். அந்தச் சூட்டில் ஆறு சதவீதம் அளவுக்கு அதன் உட்கவர் திறன் குறையும். குழாய்க்குள் வாயு அழுத்தம் அதிகமாக இருந்தால் அதுகூட எண்ணிக்கையில் முழுதாகத் தெரியாது. உங்கள் கேஜில் எந்தக் குழாய், எவ்வளவு அழுத்தம் என்று பெயர்ப்பலகையில் இருக்கிறதா பாருங்கள்.